மஞ்சள் அறியாத நாற்பத்தொரு படங்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். சென்னையில் பதினோரு வருடம் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்த்தேன். அடுத்தவர் எழுதிய நிரலில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடிச் சொல்வதுதான் பிழைப்பு. ஆனால் நான் எழுதியதில் ஓட்டை என்று யாராவது சொல்லிவிட்டால் காது சூடாகிவிடும். கணவருக்கு சங்கரன்கோவிலுக்கு மாற்றலாகி நாங்கள் இங்கே வந்த பிறகும் அந்தக் குணம் மாறவில்லை.

இங்கே ராஜபாளையம் சாலையில், ஒரு விதைக்கடையின் மாடியில், அரசுத் தேர்வுகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். வருடத்துக்கு ஒரு முறை முப்பது பேருக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பார். அந்த முப்பது பேரைப் பொறுக்கி எடுக்க ஒரு நுழைவுத் தேர்வு. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு வட்டம், சரியான வட்டத்தைக் கறுப்புப் பேனாவால் நிரப்பவேண்டும். முந்தின வருடம்வரை அவரும் இரண்டு வாத்தியார்களும் ஓட்டை போட்ட அட்டையை விடைத்தாள் மேல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல் நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"தாளை ஸ்கேன் பண்ணித் தாங்க அண்ணாச்சி. மார்க்கை நான் எடுத்துத் தாரேன்."

"தப்பு வராதுல்லாம்மா?"

"எங்கிட்ட வராது," என்றேன். இந்தப் பதிலை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நிரல் செய்யவேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. விடைத்தாள் என்பது அரைத்தாள். நான்கு மூலைகளிலும் சின்னதாக ஒரு கறுப்புச் சதுரம் அச்சிட்டிருக்கும். நிரல் ஒவ்வொரு மூலையிலும் இருக்கிற பெரிய கறுப்புத் திட்டைத் தேடி, அதன் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்ளும். நான்கு புள்ளியும் கிடைத்துவிட்டால், கோணலாக ஸ்கேன் ஆன தாளை நேராக்கிவிடலாம். பிறகு முதல் கேள்வியின் வட்டங்கள் இங்கே, இரண்டாவது கேள்வியின் வட்டங்கள் இங்கே என்று கணக்குப் போட்டு, எந்த வட்டத்தில் கறுப்பு அதிகம் என்று எண்ணவேண்டியதுதான்.

எழுதியதைவிடச் சோதனைகளுக்குத்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பலபேர் நிஜத் தாள் பத்தை எடுத்து ஓடவிட்டு, பார்த்தால் சரியாக இருக்கிறது என்று முடித்துவிடுவார்கள். நிஜத் தாளில் லட்சக்கணக்கான புள்ளிகள். அதில் எது சரி என்று நம் கண்ணால் எப்படி எண்ணுவது? போதாததற்கு அதில் எழுதியவர்களின் பெயரும் பதிவெண்ணும் வேறு இருக்கும். அதனால் படங்களை நானே நிரலால் உண்டாக்கினேன். இருபதுக்கு இருபது புள்ளியில் ஒரு வெள்ளைப் படம். அதில் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வரிசைகளில் ஒரு குட்டிக் கறுப்புச் சதுரம். நடுப்புள்ளி மூன்று என்று வரவேண்டும். விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கலாம். மூன்றைத் தவிர வேறு எது வந்தாலும் சோதனை சிவப்பாகி என்னைத் திட்டும்.

இப்படி ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரு குட்டிப் படம். சதுரமே இல்லாத வெறும் வெள்ளைப் படம்: ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்லவேண்டும். ஒரே கேள்விக்கு இரண்டு வட்டம் நிரப்பிய படம்: செல்லாது என்று சொல்லவேண்டும். பாதி நிரப்பியது, கொஞ்சம் சாய்ந்தது, அழிப்பான் தேய்த்துச் சாம்பல் நிறமான இடம், ஸ்கேனர் கண்ணாடியில் ஒட்டிய தூசி. மொத்தம் நாற்பத்தொரு சோதனை. எல்லாம் சேர்ந்து ஒரு நொடிக்குள் ஓடி முடியும். நிரலில் எந்த வரியைத் தொட்டாலும் உடனே நாற்பத்தொன்றையும் ஓடவிடுவேன். வரிசையாகப் பச்சை விழும்போது எனக்குள் ஒரு சின்னக் கர்வம் எட்டிப்பார்க்கும். இட்லி பூப்போல வந்தால் வருகிற கர்வம்தான் அதுவும்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். திங்களன்று தாள்கள் கலர் ஸ்கேனாக எனக்கு வந்தன. செவ்வாய் காலை பட்டியலைக் கொடுத்தேன். முப்பதாவது ஆளுக்கு இருபத்தொன்பது மதிப்பெண். அண்ணாச்சி பட்டியலை மாடிப்படிப் பக்கத்துப் பலகையில் ஒட்டினார். என்னைப் பார்த்து, "ஒரே நாள்ல முடிச்சிட்டியேம்மா" என்றார். நானும் பெரிய மனசோடு சிரித்து வைத்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் வந்தபோது நான் அங்கேதான் இருந்தேன். அடுத்த தேர்வுக்கான தாளைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு ஊர். இங்கே ஒரு விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. புடவையின் தோளில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் வினாத்தாளைச் சுருட்டி வைத்திருந்தார்.

"சார், என் பேரு லிஸ்ட்டுல இல்ல. மார்க்கு எம்புட்டுன்னு பாத்துச் சொல்லுதியளா?"

அண்ணாச்சி பார்த்தார். "பத்தொம்பதும்மா."

அந்தப் பெண் அழவில்லை, சத்தமும் போடவில்லை. வினாத்தாளைப் பிரித்து மேசையில் வைத்தார். தான் எந்த விடையைப் போட்டோம் என்று ஒவ்வொரு கேள்விக்கும் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

"நீங்க வெளிய ஒட்டுன விடையோட சேத்துப் பாத்தேன் சார். முப்பத்தி மூணு சரியா இருக்கு. தாளை ஒரு தடவ பாக்கணும்."

"தாளைக் காட்டுத வழக்கம் இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டர் பாத்தது."

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். காது சூடாகிவிட்டது. "கேள்வித்தாள்ல ஒண்ணு குறிச்சிட்டு, விடைத்தாள்ல ஒரு வரிசை தள்ளிப் போட்டிருப்பிய. நெறையப் பேருக்கு நடக்குததுதான்," என்றேன். சொன்ன விதமும் அவ்வளவு நன்றாக இல்லை.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "நான் அப்படிப் போடலக்கா. ஸ்கேல் வச்சுப் போட்டேன்," என்றார். பிறகு அண்ணாச்சியிடம், "எனக்கு வயசு வரம்பு முடியப் போவுது சார். இன்னும் ஒரு பரீட்சைதான் எழுத முடியும். காசு கட்டிப் படிக்க வீட்டுல தோது கிடையாது. அதான் கேட்டேன்," என்றார். வினாத்தாளை மறுபடி சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். பன்னிரண்டு மணிக்குத் தறிக்கூடத்தில் திரும்ப இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனதாக நினைவு.

வீட்டுக்கு வந்தேன். சாதம் வைத்தேன். ஸ்கேல் வச்சுப் போட்டேன் என்ற வார்த்தை மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. விடைத்தாளில் வரிசை தவறக் கூடாது என்று ஒருவர் ஸ்கேலை வரிசைக்கு வரிசை நகர்த்தியிருக்கிறார். அவரிடம் போய் வரிசை தள்ளிப் போட்டீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டேன். அந்தப் பெண் சொன்னது பொய் என்று நிரூபித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடவேண்டும் என்பதுதான் என் எண்ணம். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

முதலில் அந்தப் பெண்ணின் தாளில் நிரல் வாசித்த விடைகளை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றாம் கேள்வியிலிருந்து முப்பது வரைக்கும் விடைகள் ஒழுங்காக இருந்தன. அதற்கு மேலேயும் கீழேயும் ஒரே குழப்பம். முதல் கேள்வி காலி. இரண்டாவது கேள்விக்கு வாசித்திருந்தது முதல் கேள்வியின் விடை. நாற்பதாவது காலி, முப்பத்தொன்பதில் நாற்பதின் விடை. இடையில் சில இரட்டை வட்டம், செல்லாது. மனிதர்கள் வரிசை தவறினால் ஓர் இடத்தில் தவறி அதற்குப் பிறகு எல்லாம் தள்ளிப்போகும். இங்கே நடு சரியாக இருந்து இரண்டு ஓரத்து விடைகளும் உள்பக்கமாக நெருங்கியிருந்தன. ஆள் செய்கிற தப்பு இப்படி இருக்காது. என் நிரல்தான் தாளின் மூலைகளை வெளியே தள்ளிக் குறித்து, வட்டங்களை இடம் மாற்றித் தேடியிருக்கிறது.

பிறகுதான் தாளின் படத்தைத் திறந்தேன். வட்டங்கள் எல்லாம் அச்சடித்ததுபோல் நிரம்பியிருந்தன. நான்கு மூலையிலும், கறுப்புச் சதுரத்தைத் தாண்டித் தாளின் விளிம்பை ஒட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் தடவியிருந்தது.

கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவோம், புதுக் கணக்கு நோட்டுக்குத் தடவுவோம், வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும் முன் தடவுவோம். வாழ்க்கையை மாற்றப் போகிற தாள் கைக்கு வந்தால் அந்தப் பெண் எப்படித் தடவாமல் இருப்பார்? முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருப்பார். என் நிரலோ சின்னக் கறுப்புச் சதுரத்தை விட்டுவிட்டு, அதைவிடப் பெரிதாக இருந்த மஞ்சளை மூலைக்குறி என்று எடுத்துக்கொண்டுவிட்டது.

ஆனால் மஞ்சள் எப்படிக் கறுப்பாகும்? அதுதான் எனக்கு விளங்கவில்லை. கலர்ப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று. எண் சிறிதானால் இருட்டு, பெரிதானால் வெளிச்சம். நான் வேண்டுமென்றே சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். விடைத்தாளின் வட்டக்கோடுகள் வெளிர் சிவப்பில் அச்சடித்தவை. சிவப்பு எண்ணை மட்டும் பார்த்தால் அந்தக் கோடுகள் வெள்ளையோடு வெள்ளையாக மறைந்து, பேனா மை மட்டும் கறுப்பாகத் தெரியும். மஞ்சளிலும் சிவப்பு எண் பெரிதாகவே இருக்கும். அதுவும் வெள்ளையாகத்தானே மறைந்திருக்கவேண்டும்?

குக்கரில் சாதம் குழைந்துபோன பிறகுதான் பிடி கிடைத்தது. முதலில் ஒரு லைப்ரரியை, அதாவது வேறு யாரோ எழுதிவைத்த தயார் நிரல் தொகுப்பை, வைத்துப் படத்தைத் திறந்துகொண்டிருந்தேன். அது சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் எண்களைத் தரும். கோணலை நேராக்க வசதியாக இருக்கிறதென்று நடுவில் வேறு லைப்ரரிக்கு மாறினேன். அது நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாகத் தரும். நான் முதல் எண்ணை எடு என்று எழுதியிருந்த வரியை மாற்றாமல் விட்டுவிட்டேன். சிவப்பு என்று நினைத்து இத்தனை நாளும் நீலத்தைப் பார்த்திருக்கிறேன். மஞ்சளில் நீலம் அநேகமாக இல்லை. நீலத்தை மட்டும் பார்க்கிற கண்ணுக்கு மஞ்சள் கறுப்புத்தான். வட்டக்கோடுகளும் கறுத்துத்தான் போயிருந்தன, ஆனால் எல்லா வட்டத்திலும் ஒரேபோலக் கறுத்ததால் மற்றத் தாள்களில் கணக்குத் தப்பவில்லை.

சரி, நாற்பத்தொரு சோதனை என்ன செய்துகொண்டிருந்தன? லைப்ரரி மாற்றிய அன்றும் அத்தனையும் பச்சைதான் காட்டின. ஏன் காட்டாது? நான் உண்டாக்கிய படங்கள் எல்லாம் கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல். கறுப்புக்கு மூன்று எண்ணும் பூஜ்யம். வெள்ளைக்கு மூன்றும் இருநூற்றைம்பத்தைந்து. சாம்பலுக்கும் மூன்றும் ஒன்றே. வரிசையை எப்படி மாற்றிப் போட்டாலும் அதே படம்தான். அழிப்பான் அழுக்கு வரைக்கும் யோசித்த எனக்கு, ஒரு புள்ளி கலர் வைக்கத் தோன்றவில்லை.

மூடிவிட்டு எழுந்திருக்கலாம் என்று மடிக்கணினியின் மூடியைச் சாய்த்தேன். போன ஆயுத பூஜைக்கு நானே தொட்டுவைத்த மஞ்சள், மூடியின் நான்கு மூலையிலும் காய்ந்துபோய் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகை இல்லை. அந்தப் பெண்ணிடம் பேசிய தொனி காதில் கேட்டது, அதற்காக வந்த அழுகை.

நேரே திருத்தப் போகவில்லை. அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. ஒரு வெள்ளைத்தாளில் மஞ்சள் குழைத்துத் தடவி ஸ்கேன் செய்து அதன் மூன்று எண்களை எடுத்தேன். இருபதுக்கு இருபதில் ஒரு புதுப் படம் உண்டாக்கினேன். ஆறு, ஏழு, எட்டாம் வரிசைகளில் கறுப்புச் சதுரம். அதற்கு வெளியே மூலையை ஒட்டி, பூஜ்யத்திலிருந்து (நிரலில் எண்ணிக்கை பூஜ்யத்தில்தான் தொடங்கும்) நான்காம் வரிசை வரை அந்த மஞ்சளில் ஒரு கட்டம். நடுப்புள்ளி ஏழு என்று வரவேண்டும். பழைய நிரல் மேலேயே ஓடவிட்டேன். இரண்டு என்று வந்தது. சிவப்பு விழுந்தது. இந்தச் சோதனை பிழையைப் பிடிக்கிறது என்று உறுதியான பிறகுதான் நிரலில் கை வைத்தேன். ஓர் எண்ணை மாற்றினேன், அவ்வளவுதான். ஏழு வந்தது.

பிறகு இருநூற்றுப் பன்னிரண்டு தாளையும் மறுபடி ஓட்டினேன். பதினொரு தாளில் மதிப்பெண் மாறியது. பதினொன்றையும் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் மஞ்சள், சிலவற்றில் நான்கு மூலையில், சிலவற்றில் மேலே இரண்டில் மட்டும். வேண்டிக்கொண்டு எழுதியவர்களாகப் பார்த்துத் தேடித் தேடிக் குறைத்திருக்கிறது என் நிரல். அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் முப்பதுக்குள் வரவேண்டியவர்கள். தறிக்கூடத்துப் பெண்ணுக்கு முப்பத்து மூன்று. அவர் சொன்ன அதே முப்பத்து மூன்று.

வெயிலோடு வெயிலாக அண்ணாச்சியிடம் போனேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லிஸ்ட்டு ஒட்டி மூணு நாளாச்சேம்மா. லிஸ்ட்டுல வந்தவன்ல நாலு பேரைப் பாத்து நீ போன்னு எப்படிச் சொல்ல?"

"விட்டுப்போன நாலு பேரு மேலயும் தப்பில்லையே அண்ணாச்சி."

"தப்பில்லாதவனைத்தான வெளிய அனுப்ப முடியாது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முப்பத்தி நாலு பேரா இருக்கட்டும். பெஞ்சுல நெருக்கி உக்காரச் சொல்லுதேன். ஆனா அந்தப் பிள்ளைட்ட நான் பேச மாட்டேன். நீதான் போவணும்."

தறிக்கூடத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே சத்தத்தில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகிப்போனது. தெருவோரத்து வேப்பமரத்தடிக்குத் தள்ளி வந்து நின்றோம்.

"நீங்க சொன்னதுதான் சரி. முப்பத்தி மூணு. தப்பு என் மேலதான். உங்களை அப்படிப் பேசுனதும் தப்பு," என்றேன்.

அவர் தோளில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "அப்ப சீட்டு உண்டாக்கா?"

"உண்டு. ஞாயித்துக்கிழமை கிளாசுக்கு வந்திருங்க."

"எப்படித் தப்பாச்சு?"

மூலையில் தடவிய மஞ்சளைச் சொன்னேன். நிரல் அதைக் கறுப்பாகப் பார்த்துவிட்டது என்று முடிந்தவரை விளக்கினேன். நீலம், சிவப்பு என்று நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. மஞ்சள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்.

"அப்ப நான் தடவுனதுதான் காரணமா?"

"இல்ல. உங்க மேல ஒண்ணும் இல்ல. நான் எழுதுனதுதான் கோளாறு. இப்ப சரி பண்ணியாச்சு."

"சரிக்கா," என்றார். மேற்பார்வையாளர் கூப்பிட, உள்ளே போய்விட்டார்.

மற்ற மூன்று பேருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் சந்தோஷப்பட்டார்கள். மூன்றாவது, குருவிகுளம் பக்கத்துப் பெண், பட்டியலைப் பார்த்த அன்றே திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று அவள் அம்மா சொன்னார். சேதியைச் சொல்கிறேன், ஆனால் போன பிள்ளை இனி வருவாளா தெரியவில்லை என்றார். அவள் வரவில்லை. பெஞ்சில் முப்பத்து மூன்று பேர்தான் நெருக்கி உட்கார்ந்தார்கள். அந்த ஓர் இடத்தை நினைத்தால் இன்றைக்கும் மனசு அறுக்கிறது.

அண்ணாச்சி அடுத்த விடைத்தாளில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். "தாளில் மஞ்சள், குங்குமம் தடவக் கூடாதுன்னு கொட்டை எழுத்துல போட்டுருவோம்மா. சோலி முடிஞ்சுது."

"வேண்டாம் அண்ணாச்சி. அவங்க தடவட்டும். பாக்கத் தெரியவேண்டியது நிரலுக்குத்தான்."

வீட்டில் உட்கார்ந்து சோதனைகளைப் பெருக்கினேன். குங்குமத்துக்கு ஒரு குட்டிப் படம். பிரகாசமான குங்குமம் தேறியது. காய்ந்து கறுத்த குங்குமம் சிவப்பு எண்ணிலும் இருட்டாக இருந்ததால் சோதனை சிவப்பானது. அதனால் மூலைக்குறி என்றால் இந்த அளவுக்குள், சதுரமாக இருக்கவேண்டும் என்று இன்னொரு கட்டுப்பாடு போட்டேன். சந்தனத்துக்கு ஒன்று. கோவிலில் தருகிற புற்றுமண்ணைக் குழைத்துத் தாளில் தடவி எண் எடுத்து அதற்கும் ஒன்று. திருநீறு வெள்ளை என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை, இருந்தாலும் மனசு கேட்காமல் அதற்கும் ஒன்று வைத்தேன். என் கணவர் எட்டிப்பார்த்துவிட்டு, "சோதனை எழுதுதியா, பூஜைச் சாமான் லிஸ்ட் போடுதியா?" என்றார். ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றும் முதலில் சிவப்பாக விழுமா என்று பழைய நிரலில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தேன். விழாதவற்றின் மேல் எனக்கு இப்போது நம்பிக்கை குறைவு.

வகுப்பு ஆரம்பித்து முதல் வாரத் தேர்வு நடந்தது. முப்பத்து மூன்று தாளும் வந்தன. நான் முதலில் தேடிய தாள் அந்தப் பெண்ணுடையது. மதிப்பெண் முப்பத்தைந்து. நான்கு மூலையும் சுத்தமாக, வெள்ளையாக இருந்தன. ஒரு விரல் கறைகூட இல்லை.

என் சோதனைகள் அத்தனையும் பச்சை. நிரலை நான் சரி செய்துவிட்டேன், அந்தப் பெண்ணின் பயத்தை ஒன்றும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு விட்டதும் மாடிப்படியில் பிடித்து நிறுத்தினேன்.

"ஏன் இந்தத் தடவ மஞ்சள் வைக்கல?"

"எதுக்குக்கா வம்பு? கம்ப்யூட்டருக்கு ஆகாதுல்ல."

"ஆகும். இப்ப அதுக்குத் தெரியும். நான் பாத்துட்டேன்."

"இருக்கட்டும்க்கா," என்று சிரித்தார். போன தடவை நான்தான் வரிசை தள்ளிப் போட்டேன் என்று சொன்னவள்தானே இவள் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தமோ என்னவோ. பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போய்விட்டார்.

இரண்டாவது வாரமும் வெள்ளை. மூன்றாவது வாரமும் வெள்ளை. நான் கேட்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வாரமும் மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் மூலைகளைத்தான் பார்த்தேன்.

நான்காவது வாரத் தாளைத் திறந்தேன். மேலே இரண்டு மூலையும் வெள்ளை. கீழே இடது மூலை வெள்ளை. கீழே வலது மூலையில், விளிம்பை ஒட்டி, சுண்டுவிரல் நுனியளவு மஞ்சள் இருந்தது. உற்றுப் பார்க்காவிட்டால் தெரியாது. நாற்பது விடையையும் நானே கையால் எண்ணினேன். முப்பத்தாறு. நிரலிடம் கேட்டேன். முப்பத்தாறு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைத் தேடி வந்தார். கையில் வினாத்தாள், ஒவ்வொரு கேள்விக்கும் பேனாப் புள்ளி.

"மார்க்கு சரியா வந்திருக்குக்கா. நானும் எண்ணிப் பாத்துட்டேன்," என்றார்.

"மஞ்சள் வச்சிருந்தீங்களே."

"ஒரே ஒரு மூலையில, துளிபோல வச்சுப் பாத்தேன். உங்க மெஷின் என்ன செய்யுதுன்னு தெரியணும்லா?" என்றார். "அடுத்த வாரம் ரெண்டு மூலையில வைக்கேன்."